அன்ட்ரொய்ட் வரவுச் செயலி புரொஜெக்ட்: வடிவமைப்பு, சோதனை அத்தியாயங்களை எழுத ஒரு முழு வழிகாட்டி

வந்தாறுமூலையோ ஒலுவிலோ சம்மாந்துறையோ, எந்த கெம்பஸில் பார்த்தாலும் இறுதியாண்டில் யாராவது ஒருவர் அன்ட்ரொய்ட் வரவுச் செயலி செய்துகொண்டுதான் இருப்பார். செயலி ஓடும், கியூஆர் ஸ்கேன் ஆகும், பட்டியலில் பெயர் பச்சையாக வரும். சறுக்குவது ரிப்போர்ட்டில்தான். வடிவமைப்பு அத்தியாயத்தில் நாலு வரைபடம், சோதனை அத்தியாயத்தில் "லொகின் பட்டன் வேலை செய்கிறது, சரி" என்று இருபது வரி, முடிந்தது கதை. வைவாவில் ஒரேயொரு கேள்வி வரும்: "வகுப்புக்கு வராத பிள்ளைக்குக் கூட்டாளி வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் என்ன நடக்கும்?" ரிப்போர்ட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்குப் பதில் இருக்காது.

இந்த வழிகாட்டி அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டு அத்தியாயங்களையும் எப்படி எழுதுவது என்று சொல்கிறது. எடுத்துக்கொள்ளும் செயலி இதுதான்: விரிவுரையாளரின் போனோ லெப்டொப்போ புரொஜெக்டரில் ஒரு கியூஆர் கோடைக் காட்டும், மாணவர் தன் போனால் ஸ்கேன் செய்வார், சேர்வர் வரவைப் பதியும். ரிப்போர்ட்டை நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள், அது பிரச்சினை இல்லை. யோசனையை முதலில் தமிழில் ஒழுங்குபடுத்திக்கொண்டால் ஆங்கிலம் தானாக வரும்.

படி 1: வரைபடத்துக்கு முன்னால் பிரச்சினையை எழுதுங்கள்

வடிவமைப்பு அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் கட்டடக்கலை வரைபடத்தைப் போடாதீர்கள். இப்போது வரவு எப்படி எடுக்கிறார்கள், அதில் எங்கே ஓட்டை என்று ஒரு பந்தி எழுதுங்கள். சைன் ஷீட் வரிசை வரிசையாகப் போகிறது, ஒருவர் மூன்று பேருக்குக் கையெழுத்து வைக்கிறார், கடைசியில் விரிவுரையாளர் அதை எண்ணிப் பதிய வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அடுத்து, தவறு நடந்தால் யாருக்கு என்ன இழப்பு என்பதையும் எழுதுங்கள். இதை அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று வைத்துக்கொள்வோம். 15 வாரத்தில் வாரம் ஒரு விரிவுரை என்றால் 12 வரவு வேண்டும், ஆக மூன்றைத்தான் தவறவிடலாம். செயலி ஒரு நாள் உண்மையில் வந்த பிள்ளையின் வரவை ஏற்காமல் விட்டால் அந்த மூன்றில் ஒன்று போய்விடுகிறது. ஆகவே உங்களுக்கு இரண்டு வகைத் தவறுகள் இருக்கின்றன: வராதவருக்கு வரவு போடுவது ஒன்று, வந்தவருக்குப் போடாமல் விடுவது மற்றது. ஒன்றை இறுக்கினால் மற்றது கூடும். கீழே வரும் ஒவ்வொரு முடிவும் இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பற்றியதுதான்.

படி 2: ஏன் இதை எடுத்தோம், ஏன் அதை விட்டோம்

பரீட்சகர் தேடுவது முடிவை அல்ல, முடிவுக்கான காரணத்தை. ஜிபிஎஸ்ஸை ஏன் எடுக்கவில்லை? கொங்கிரீட் கட்டடத்துக்குள் அது காட்டும் இடம் பல மீற்றர் தள்ளிப் போகும், பக்கத்து மண்டபத்துக்கும் வெளி மரநிழலுக்கும் வித்தியாசம் தெரியாது, தவிர போலி இடம் காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முகம் பார்த்து அடையாளம் காண்பதை ஏன் விட்டீர்கள்? மாணவர்களின் முகத் தரவைச் சேர்த்து வைக்க வேண்டி வரும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அந்தப் பாரத்தை ஒரு மாணவர் புரொஜெக்ட் ஏன் சுமக்க வேண்டும்? இப்படி ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி போதும், பக்கக்கணக்கில் எழுத வேண்டாம்.

சரி, கியூஆர். நிலையான கியூஆர் என்றால் ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் கதை முடிந்துவிடும், அதனால் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை மாறும் கோட் வேண்டும். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெளிவாக எழுதுங்கள். விரிவுரையின் அடையாள எண், நேரச் சாளரத்தின் எண், இந்த இரண்டையும் ஒரு இரகசியச் சாவியோடு HMAC-SHA256 இல் போட்டு வந்த விடையின் ஒரு பகுதி. சாளர எண் என்பது 1970இலிருந்து ஓடும் விநாடிக் கணக்கை 15ஆல் வகுத்து, மீதியை விட்டால் வரும் எண்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள், அதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. 2025 மார்ச் 10, காலை 9:00:00, இலங்கை நேரம். விநாடிக் கணக்கு 1741577400, 15ஆல் வகுத்தால் 116105160. 9:00:15இலிருந்து 9:00:30 வரை திரையில் இருப்பது 116105161. மாணவர் 9:00:28க்கு அதை ஸ்கேன் செய்கிறார், சிக்னல் மந்தமாக இருப்பதால் சேர்வருக்கு 9:00:33க்குத்தான் போய்ச் சேருகிறது. அப்போது சேர்வரின் சாளரம் 116105162. நடப்புச் சாளரத்தை மட்டும் ஏற்றால் வந்த பிள்ளைக்கு வரவு கிடைக்காது, ஆகவே முந்தைய சாளரம் ஒன்றையும் ஏற்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு கோட் அதிகபட்சம் 30 விநாடி உயிரோடு இருக்கும்.

இங்கேதான் நேர்மை வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு படம் போய்ச்சேர 30 விநாடி தேவையே இல்லை. கல்லடியில் கட்டிலில் கிடக்கும் கூட்டாளிக்கு வகுப்பிலிருந்து உடனே அனுப்பினால் அவரும் ஸ்கேன் செய்துவிடலாம். அதனால் "பிரொக்ஸியை முற்றாகத் தடுக்கிறது" என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். மாறும் கோட் தடுப்பது பழைய படத்தைத்தான், அதற்கு மேல் எதையும் அல்ல. ஆகவே இன்னும் இரண்டு காவல் வேண்டும்: வந்தவர் தன் போனிலேயே வராதவரின் கணக்கிலும் பதியாதபடி ஒரு கணக்குக்கு ஒரு போன் என்று பிணைப்பது, நேரடியாக அனுப்புவதைப் பிடிக்க முடிவில் திரையில் வரும் எண்ணிக்கையை விரிவுரையாளர் மண்டபத்தில் இருக்கும் தலைகளோடு ஒப்பிடுவது. இரண்டாவது மிக எளிய வேலை, கோட் எழுத வேண்டியதே இல்லை, ஆனால் அதையும் வடிவமைப்பின் பகுதியாகவே எழுத வேண்டும்.

போனைப் பிணைக்க IMEI எடுக்கலாம் என்று நினைப்பீர்கள். அன்ட்ரொய்ட் 10இலிருந்து சாதாரணச் செயலிகளுக்கு அது கிடைக்காது. பதிவின்போது செயலியே ஒரு தற்செயல் அடையாளத்தை உருவாக்கி வைத்துக்கொள்ளட்டும், செயலியை அழித்து மீண்டும் நிறுவினால் விரிவுரையாளரின் அனுமதியோடு மறுபதிவு. சின்னச் சிரமம்தான், ஆனால் காரணம் சொல்லக்கூடிய சிரமம்.

இன்னொன்று: அந்த இரகசியச் சாவியைச் செயலிக்குள் எழுதி வைக்காதீர்கள். APK கோப்பை யாரும் பிரித்துப் பார்க்கலாம். விரிவுரையாளர் லொகின் செய்து விரிவுரையைத் திறக்கும்போது அந்த விரிவுரைக்கு மட்டுமான சாவியைச் சேர்வர் தரட்டும். மாணவரின் போனுக்குச் சாவி போகவே கூடாது.

படி 3: யாருடைய கடிகாரம்?

நேரத்தை வைத்துக் கட்டிய செயலியில் கடிகாரத்தைப் பற்றி எழுதாவிட்டால் வடிவமைப்பு பாதிதான். மாணவரின் போன் நேரத்தை நம்பவே முடியாது, செட்டிங்ஸில் போய் யாரும் மாற்றலாம். விரிவுரையாளரின் போன் இரண்டு நிமிடம் முந்தி ஓடினால் என்ன ஆகும்? அவர் காட்டும் எல்லாக் கோடும் சேர்வருக்கு எதிர்காலக் கோடாகத் தெரியும், மண்டபமே நிராகரிக்கப்படும்.

தீர்வு எளிது. விரிவுரை திறக்கும்போது சேர்வர் நேரத்தை ஒருமுறை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் மணியைக் கூட்டுவது. அந்த மணியைப் பயனர் மாற்ற முடியாது.

```kotlin
val nowMs = serverMsAtStart +
    (SystemClock.elapsedRealtime() - elapsedAtStart)
val window = nowMs / 15_000
```

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சேர்வர் சொன்ன நேரம் போனுக்கு வந்துசேரும்போதே கொஞ்சம் பழசாகிவிடும், அதனால் திரை எப்போதும் சேர்வருக்குச் சற்றுப் பிந்தித்தான் ஓடும், முந்தாது. எதிர்காலச் சாளரத்தைத் துணிந்து நிராகரிக்கலாம் என்பதற்கு இதுவே காரணம். இந்த வரியை ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் வைவாவில் பாதிக் கேள்வி குறையும்.

படி 4: சிக்னல் இல்லாவிட்டால்

"ஓப்லைனிலும் வேலை செய்யும்" என்று அம்சப் பட்டியலில் ஒரு வரி போட எல்லோருக்கும் ஆசை. ஆனால் மாறும் கோடும் ஓப்லைனும் ஒன்றோடொன்று மோதும். போனில் சேமித்து மாலையில் அனுப்பினால், அந்தக் கோட் சரியான கோட் என்று சேர்வரால் சொல்ல முடியும், ஆனால் மாணவர் அதை 9:00:28க்கு மண்டபத்தில் ஸ்கேன் செய்தாரா, மத்தியானம் விடுதியில் படத்திலிருந்து ஸ்கேன் செய்தாரா என்று சொல்லவே முடியாது. போன் சொல்லும் நேரத்தை நம்ப முடியாது என்று மேலேயே எழுதிவிட்டோம்.

நான் பரிந்துரைப்பது: ஓப்லைன் ஸ்கேனை `Room` டேட்டாபேஸில் வைத்து, இணைப்பு வந்ததும் `WorkManager` மூலம் அனுப்புங்கள், ஆனால் சேர்வர் அதை "உறுதிப்படுத்த வேண்டியவை" என்று தனியாக வைக்கட்டும். விரிவுரையாளர் அவற்றை மட்டும் பார்த்து ஏற்பார் அல்லது மறுப்பார். வரவுக்கு மூன்று நிலைகள் வந்துவிடுகின்றன: ஏற்றது, காத்திருப்பது, மறுத்தது. உங்கள் நிலைமாற்ற வரைபடத்தில் இந்த மூன்றும் இருக்க வேண்டும். வெறும் "வந்தார், வரவில்லை" என்று வரைந்திருந்தால் அது சைன் ஷீட்டின் வரைபடம்.

டேட்டாபேஸ் வடிவமைப்பில் அதிகம் எழுத வேண்டாம், ஒரு விதியை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். ஒரு மாணவருக்கு ஒரு விரிவுரையில் ஒரு வரி மட்டும், அதுவும் சேர்வரின் டேட்டாபேஸிலேயே:

```sql
ALTER TABLE attendance
ADD CONSTRAINT uq_student_session
UNIQUE (student_id, session_id);
```

போனில் பட்டனை முடக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. போன் அனுப்பியது சேர்வருக்குப் போய்விட்டது, பதில் திரும்பும் வழியில் சிக்னல் போய்விட்டது என்று வையுங்கள். போன் அது தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்பும். இரண்டாவது முறை வரும்போது சேர்வர் பிழை காட்டாமல், ஏற்கெனவே பதிந்த அதே பதிலைத் திருப்பித் தர வேண்டும்.

படி 5: சோதனை அத்தியாயத்தை வடிவமைப்பிலிருந்தே எடுங்கள்

இப்போது சோதனைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. மேலே எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் அதை உடைக்கப் பார்க்கும் ஒரு சோதனை எழுதினால் அத்தியாயம் தானாக உருவாகிவிடும். அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் எந்த வடிவமைப்பு முடிவைச் சோதிக்கிறது என்று ஒரு நிரல் வையுங்கள், அத்தோடு தொடக்க நிலை, செய்த செயல், எதிர்பார்த்தது, கிடைத்தது, செயலியின் பதிப்பு எண். "கிடைத்தது" நிரலில் "சரி" என்று எழுதாதீர்கள். திரையில் வந்த செய்தியை, அல்லது டேட்டாபேஸில் எத்தனை வரி இருந்தது என்பதை எழுதுங்கள்.

முதலில் சாளரச் சோதனை. இதற்குப் போனே தேவையில்லை, யூனிட் டெஸ்ட் போதும். பலர் எழுதும் நிபந்தனை `now - token <= 1`. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் `token` எதிர்காலத்தது என்றால் கழித்தல் விடை மறை எண்ணாக வரும், அதுவும் 1ஐவிடச் சிறியதுதான், ஆகவே எதிர்காலக் கோட் எதுவானாலும் உள்ளே வந்துவிடும். ஒழுங்கான வடிவமும் அதற்கான சோதனைகளும் இப்படி:

```kotlin
fun isFresh(token: Long, now: Long) = (now - token) in 0..1

@Test fun previousWindowAccepted() =
    assertTrue(isFresh(116105161, 116105162))
@Test fun twoWindowsOldRejected() =
    assertFalse(isFresh(116105161, 116105163))
@Test fun futureWindowRejected() =
    assertFalse(isFresh(116105164, 116105163))
```

எல்லையைச் சோதியுங்கள், நடுவை அல்ல. நடப்புச் சாளரம் ஏற்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்று பழையது, இரண்டு பழையது, ஒன்று எதிர்காலத்தது, இந்த மூன்றில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, இணைப்பு அறுபடும் சோதனை. போனைக் கேபிளில் மாட்டி வைத்துக்கொண்டு இந்த இரண்டு கட்டளைகளைக் கொடுத்தால் இணைப்பு போய்விடும்:

```
adb shell svc wifi disable
adb shell svc data disable
```

இணைப்பு இல்லாத நிலையில் ஸ்கேன் செய்யுங்கள், செயலியைச் சமீபத்திய பட்டியலிலிருந்து தள்ளி மூடுங்கள், அப்புறம் இணைப்பைத் திரும்பக் கொடுங்கள் (`disable` இருந்த இடத்தில் `enable`). வரவு "காத்திருப்பது" நிலையில் சேர்வருக்கு வர வேண்டும். வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில போன் நிறுவனங்கள் பட்டரியைக் காப்பாற்றப் பின்னணி வேலைகளைக் கடுமையாக வெட்டுகின்றன, ஆகவே எமுலேட்டரில் உடனே வந்தது கையிலிருக்கும் போனில் செயலியைத் திரும்பத் திறக்கும்வரை வராமல் இருக்கலாம். அதை மறைக்காமல் போன் மாதிரி, அன்ட்ரொய்ட் பதிப்போடு எழுதுங்கள்.

பதில் மட்டும் தொலையும் நிலையைக் கையால் உருவாக்குவது கஷ்டம். சேர்வரின் சோதனைப் பதிப்பில், பதிந்த பிறகு பதில் தருவதற்கு முன் 20 விநாடி தூங்க வையுங்கள், போனின் காத்திருப்பு எல்லை 10 விநாடி என்றால் அது தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்பும். முடிவில் டேட்டாபேஸில் அந்த மாணவருக்கு ஒரு வரிதான் இருக்க வேண்டும். அந்த `SELECT` விடையின் படத்தைப் போடுங்கள். லொகின் திரையின் படத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

இதோடு ஒரு சின்ன எச்சரிக்கை: சேர்வர் உங்கள் லெப்டொப்பில் வெறும் `http://` முகவரியில் ஓடினால் அன்ட்ரொய்ட் 9இலிருந்து இயல்பாகவே தடுக்கப்படும். பழைய போனில் ஓடுகிறது, புதிய போனில் ஓடவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள், கோடைக் கிளற வேண்டாம்.

படி 6: மண்டபத்துக்குப் போங்கள்

மேசையில் ஓடியது பின்வரிசையில் ஓடாது. கியூஆர் வாசிக்கப்படுவதற்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலமாவது கோட் இருக்க வேண்டும். கடைசி வாங்கு திரையிலிருந்து 10 மீற்றர் என்றால் கோட் ஒரு மீற்றர் அகலம். அதற்கு மேல், உள்ளே எழுத்து கூடக் கூட சதுரங்கள் சிறிதாகும், மலிவுப் போனின் கெமரா தடுமாறும். HMAC விடையை முழுதாக 64 எழுத்தில் போடாமல் முதல் 10 எழுத்தை மட்டும் எடுப்பதற்கு இதுதான் காரணம். 30 விநாடிக்குள் ஊகித்துப் பிடிக்க முடியாத அளவுக்கு அது போதும், சேர்வரில் ஒரு கணக்குக்கு நிமிடத்துக்கு இத்தனை முயற்சி என்று எல்லையும் வைத்தால். இந்த முடிவு வடிவமைப்பு அத்தியாயத்தில் இருக்க வேண்டும், அதன் சோதனை இங்கே.

சோதனையை இப்படிச் செய்யலாம். முன், நடு, பின் வரிசைகளில் ஒரே போனை வைத்து, கெமரா திறந்ததிலிருந்து "ஏற்கப்பட்டது" வரும்வரை எவ்வளவு நேரம் என்று அளவிடுங்கள். ஜன்னல் திறந்து வெயில் திரையில் விழும்போது ஒருமுறை, மூடி ஒருமுறை. நம் பக்கக் காலை வெயிலில் புரொஜெக்டர் திரை எப்படி வெளிறிப்போகும் என்று சொல்லத் தேவையில்லை. அப்புறம் அதையே இன்னும் இரண்டு விலைகுறைந்த போன்களில். சராசரியை மட்டும் போடாதீர்கள், ஒரு போன் 25 விநாடி எடுத்தால் சராசரி அதை விழுங்கிவிடும். இடைநிலை எண்ணையும் மிக மோசமான எண்ணையும் போடுங்கள். மோசமான எண் 15 விநாடியைத் தாண்டினால் கோட் கண்ணெதிரே மாறுகிறது என்று அர்த்தம், சாளரத்தை 20 ஆக்குவதா கோடைப் பெரிதாக்குவதா என்று முடிவெடுத்து அதையும் எழுதுங்கள்.

வகுப்புத் தோழர்களை வைத்துச் செய்யும் சோதனையில் வேண்டுமென்றே ஏமாற்றவும் சொல்லுங்கள். இரண்டு பேரை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, உள்ளிருப்பவர் அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பட்டும். எத்தனை முறை வெற்றி பெற்றார்கள் என்று எண்ணி அப்படியே எழுதுங்கள். வெற்றி பெறுவார்கள், அது உறுதி. அந்த வரிக்குப் பக்கத்தில், விரிவுரையாளரின் திரையில் எண்ணிக்கை மண்டபத்திலுள்ளவர்களைவிட இரண்டு கூடுதலாகக் காட்டியதா என்று எழுதுங்கள். படி 2இல் சொன்ன இரண்டாவது காவலுக்கு அதுதான் சோதனை. தோழர்களின் பெயரும் பதிவெண்ணும் ரிப்போர்ட்டில் வர வேண்டாம், மா1, மா2 என்று போட்டால் போதும், ஸ்கிரீன்ஷாட்களிலும் மறைத்துவிடுங்கள்.

படி 7: தோற்ற வரிகளை அழிக்காதீர்கள்

அட்டவணை முழுக்கப் பச்சையாக இருந்தால் பரீட்சகருக்கு இரண்டே சந்தேகம்தான் வரும்: சோதனை செய்யவில்லை, அல்லது மறைத்துவிட்டார்கள். பதிப்பு 0.3இல் எதிர்காலக் கோட் ஏற்கப்பட்டது, நிபந்தனை திருத்தப்பட்டது, 0.4இல் மறுக்கப்பட்டது என்று இரண்டு வரியாகக் காட்டுங்கள். திருத்திய பிறகு அந்த ஒரு சோதனையை மட்டும் ஓட்டாமல் சாளரச் சோதனைகள் எல்லாவற்றையும் திரும்ப ஓட்டியதாகவும் குறிப்பிடுங்கள், ஏனென்றால் `0..1` என்பதை அவசரத்தில் `0..0` என்று எழுதிவிட்டால் எதிர்காலச் சோதனை பாஸ் ஆகும், சிக்னல் மந்தமான பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும்.

திருத்த முடியாதவை அத்தியாயக் கடைசியில் ஒரு பந்தியாக வரட்டும்: நேரடியாகப் படம் அனுப்புவதைச் செயலியால் மட்டும் தடுக்க முடியாது, போனையே கூட்டாளியிடம் கொடுத்துவிட்டால் அதையும் தடுக்க முடியாது, போன் கொண்டுவராத அல்லது சார்ஜ் போன பிள்ளைக்கு விரிவுரையாளர் கையால் பதிய வேண்டும். அந்தக் கையால் பதியும் திரையை யார் எப்போது பயன்படுத்தினார் என்ற பதிவு சேர்வரில் இருக்கிறதா என்று அடுத்த கேள்வி வரும், அதனால் அதற்கும் அட்டவணையில் ஒரு வரி ஒதுக்கி வையுங்கள்.